நாளுக்கு அறுபது பேர் வரும் தளத்தில் எந்தச் சோதனை பொருந்தும்?

மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடை இருக்கிறது. அதன் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நாளுக்குச் சுமார் 60 பேர் வருவார்கள், மாதத்துக்கு 1,800. நூறு பேர் வந்தால் பன்னிரண்டு பேர் வாட்ஸ்அப் பட்டனைத் தொடுவார்கள், எட்டுப் பேர் செய்தி அனுப்புவார்கள், மூன்று பேர் வாங்குவார்கள். கடையை நடத்தும் அக்காவுக்குத் தலைப்பையும் பட்டனையும் மாற்றிப் பார்க்கும் ஆசை வந்தது. மாற்றினால் விற்பனை கூடியதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு வாரம் நான் வேறு ஒன்றைச் செய்தேன். வருகிறவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு கூட்டமாகப் பிரித்து, இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பக்கத்தையே காட்டினேன். அதே தலைப்பு, அதே பட்டன், அதே நிறம். வார முடிவில் கூட்டத்துக்கு 210 பேர். முதல் கூட்டத்தில் 22 பேர் பட்டனைத் தொட்டிருந்தார்கள், இரண்டாவதில் 31 பேர். எண்களை மட்டும் அக்காவிடம் காட்டினேன். "இரண்டாவது நாற்பது சதவீதம் கூடுதலாக இருக்கிறதே தம்பி, அதையே வைத்துவிடலாமே" என்றார். இரண்டும் ஒரே பக்கம்தான் என்று சொன்னதும் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

இந்த ஒரு வார வேலையை யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன். நம் தளத்தில் ஒன்றுமே மாறாதபோது எண்கள் தாமாக எவ்வளவு ஆடும் என்பது இதில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஆட்டத்தை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. இரண்டு கூட்டமும் ஏறத்தாழ சம அளவு என்றால், இரண்டு பக்கத் தொடுதல்களையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். 22-ம் 31-ம் 53. அதன் வர்க்கமூலம் 7.3, இரண்டால் பெருக்கினால் 14.6. வித்தியாசம் 9-தான். 14.6-க்குள் அடங்கும் வித்தியாசத்தைத் தற்செயலே உண்டாக்கிவிடும். ஒரே ஒரு முறை, முன்பே குறித்த நாளில் பார்க்கும்போது மட்டும் இந்தக் கணக்கு செல்லும். இந்த நிபந்தனை பின்னால் முக்கியமாகிறது.

சரி, இப்போது வழிகளைப் பார்ப்போம். எங்கள் முன்னால் நாலு வழிகள் இருந்தன.

முதலாவது, எல்லாரும் சொல்லும் வழி. பழைய பக்கத்தைப் பாதிப் பேருக்கும் புதியதைப் பாதிப் பேருக்கும் காட்டி, எதில் ஆர்டர் அதிகம் என்று எண்ணுவது. கடைக்குப் பணம் தருவது ஆர்டர்தானே, அதையே அளப்பதுதான் நியாயம். தடையாக நிற்பது ஆள் எண்ணிக்கை. எத்தனை பேர் வேண்டும் என்பதற்குத் துறையில் பழகிய தோராயக் கணக்கு இது:

```
n = 16 × p × (1 − p) ÷ d²
```

n என்பது ஒரு கூட்டத்துக்கு வேண்டிய ஆட்கள். p என்பது இரண்டு விகிதங்களுக்கும் நடுவிலுள்ள விகிதம், d என்பது நாம் கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம். உண்மையிலேயே அந்த அளவு வித்தியாசம் இருந்தால் ஐந்துக்கு நாலு தடவை அது சிக்கும், இல்லாதபோது இருப்பதாக ஏமாறுவது நூற்றுக்கு ஐந்து தடவைதான், என்ற அளவுக்கு 16 என்ற எண் வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் ஆர்டர் விகிதம் 3 சதவீதம். அது 3.6 ஆனால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடினால், அக்காவுக்குப் பெரிய சந்தோஷம். p-க்கு 0.033, d-க்கு 0.006 போட்டால் கூட்டத்துக்கு ஏறக்குறைய 14,000 பேர் வருகிறது. இரண்டுக்கும் 28,000. நாளுக்கு 60 பேர் என்றால் பதினைந்து மாதம் ஆகும். அதற்குள் சேலை டிசைன் மாறும், விலை மாறும், ஒரு தீபாவளியாவது வந்து போகும். போன மாதம் வந்தவர் புது போனில் மறுபடி வந்து எதிர்க்கூட்டத்தில் சேர்ந்திருப்பார்.

பட்டன் சோதனை என்றாலே பலரும் 2008 தேர்தலுக்கான ஒபாமா பிரசாரத் தளத்தை எடுத்துக்காட்டுவார்கள். பட்டனில் இருந்த வார்த்தையையும் மேலே இருந்த படத்தையும் மாற்றியதில், பதிவு செய்தவர்கள் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமானார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சோதனையில் 24 சேர்க்கைகளுக்கு மொத்தம் 3,10,382 பேர் கிடைத்தார்கள், ஒரு சேர்க்கைக்குச் சுமார் 13,000 பேர். எங்களுக்கு அந்த ஒரு சேர்க்கை அளவு ஆள் சேரவே ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். அவர்கள் கண்டுபிடித்த வார்த்தையை நாம் எடுத்துக்கொள்ளலாம், அவர்கள் செய்த முறையை நம் கூட்டத்தில் செய்ய முடியாது. முதல் வழி எங்களுக்கு இல்லை என்று அன்றே முடிவாகிவிட்டது.

இரண்டாவது, முன்-பின் ஒப்பீடு. ஒரு மாதம் பழைய தலைப்பு, அடுத்த மாதம் புதியது. நிரல் எழுதவே தேவையில்லை என்பதால் கடைக்காரர்கள் தாங்களாகவே செய்வது இதைத்தான். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடைக்கு இப்படிச் செய்து, விசாரிப்புகள் இரண்டு மடங்கானது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தலைப்பை மாற்றியது பங்குனிக் கடைசியில். அடுத்து வந்தது சித்திரை. வெயிலுக்குப் பருத்திச் சேலை தானாகவே போகும், திருவிழாவுக்கு ஊரெல்லாம் உறவுக்காரர்கள், அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் மதுரை என்று தேடுகிறவர்களே அதிகம். என் தலைப்பு அதில் என்ன செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தலைப்பை மூன்று வருடம் யாரும் தொடவில்லை, ஜெயித்த தலைப்பு என்று பெயர் வாங்கிவிட்டதால்.

நிரல் எழுத ஆள் இல்லாதவர்களுக்கு இதிலேயே ஒரு திருத்தம் உண்டு. மாதம் மாதமாக மாற்றாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். வாரத்துக்கு ஏழு நாள் என்பதால் இந்த வாரத் திங்களுக்குப் பழையது வந்தால் அடுத்த வாரத் திங்களுக்குப் புதியது வரும். பதினான்கு நாளில் ஒவ்வொரு கிழமைக்கும் இரண்டும் கிடைத்துவிடும். தேதியின் ஒற்றை இரட்டையைப் பார்த்து மாற்றினால் 31-க்கு அடுத்து 1 வரும்போது வரிசை கெடும், அதனால் நாட்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இன்று பார்த்துவிட்டு நாளை வந்து வாங்குகிறவர் இரண்டையும் பார்த்திருப்பார் என்ற குறை மட்டும் நீங்காது. சேலை வாங்குகிறவர்கள் அப்படித்தான் இரண்டு மூன்று தடவை வந்து பார்ப்பார்கள் என்பதால் எங்களுக்கு இது சரிப்படவில்லை. சாப்பாட்டுக் கடை, பார்சல் ஆர்டர் போல அன்றே முடிகிற வியாபாரத்துக்குச் சரியாக வரும்.

மூன்றாவது, தளத்துக்கு வெளியே தலைப்பைச் சோதிப்பது. இதில் இரண்டு வகை. விளம்பரம் கொடுத்து இரண்டு தலைப்பில் எதைத் தொடுகிறார்கள் என்று பார்க்கலாம். ஆனால் சாதாரணமாக இரண்டு விளம்பரம் போட்டால் விளம்பர நிறுவனத்தின் இயந்திரம் ஆரம்பத்தில் கொஞ்சம் முந்துகிறதற்கே பணத்தைத் திருப்பிவிடும். இரண்டும் ஒரே மாதிரி ஆட்களுக்குப் போனதா என்று சொல்ல முடியாது. அவர்களே தரும் ஏ/பி சோதனை வசதியில் போட்டால்தான் கூட்டம் சரியாகப் பிரியும். அப்படியும் விளம்பரத்தைத் தொடுகிறவர் வேறு, தேடிக்கொண்டு தளத்துக்கு வருகிறவர் வேறு. இன்னொரு வகை வாட்ஸ்அப் பிராட்காஸ்ட். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், பழைய வாடிக்கையாளர்களைக் குலுக்கி இரண்டு பட்டியலாக்கி இரண்டு தலைப்பு அனுப்பலாம். நம் எண்ணைப் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், அவர்கள் ஏற்கெனவே நம்மை நம்புகிறவர்கள். புதிதாக வருகிறவரை எந்த வார்த்தை நிறுத்துகிறது என்பதுதான் அக்காவின் கேள்வி. அதனால் இதையும் விட்டோம்.

நாலாவதைத்தான் எடுத்தோம். தளத்திலேயே கூட்டத்தைப் பிரிப்பது, ஆனால் ஆர்டரை விட்டுவிட்டு அதற்கு முந்திய படியை அளப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத் தொடங்குமுன்பே எழுதி வைப்பது.

எந்தப் படியை அளப்பது என்பதில் ஒரு நாள் முழுக்க யோசித்தோம். பட்டன் தொடுதல்தான் எண்ணிக்கையில் அதிகம், சோதனை சீக்கிரம் முடியும். ஆனால் பழைய பட்டனில் "இப்போதே வாங்குங்கள்" என்று இருந்தது, புதியதில் "வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள்". இரண்டாவதை யாரும் தயங்காமல் தொடுவார்கள், வாங்கும் எண்ணமே இல்லாதவர்கூட. தொடுதலை அளந்தால் லேசான வார்த்தை எப்போதும் ஜெயிக்கும். கைதவறித் தொடுவதும், இணையத்தில் திரியும் தானியங்கி நிரல்கள் தொடுவதும் அதில் சேரும். அதனால் வந்து சேர்ந்த செய்தியை அளக்க முடிவு செய்தோம். ஒரு போன் எண்ணுக்கு ஒரு தடவைதான் கணக்கு.

எந்தச் செய்தி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிய ஒரு சின்ன வேலை செய்தோம். வாட்ஸ்அப் இணைப்பில் `?text=` என்று போட்டு, அனுப்ப வேண்டிய வாக்கியத்தை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். பழைய பக்கத்தில் "சுங்குடிச் சேலை விவரம் வேண்டும்" என்றும், புதியதில் "சுங்குடிச் சேலை பற்றி விவரம் வேண்டும்" என்றும் வைத்தோம். "பற்றி" என்ற ஒரு சொல்தான் அடையாளம். அனுப்புகிறவருக்கு வித்தியாசம் தெரியாது, அக்கா நோட்டில் கோடு போட்டுக்கொள்வார். அதே ஆள் ஆர்டர் கொடுத்தால் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். கூகுள் ஆப்டிமைஸ் என்ற இலவசக் கருவி 2023 செப்டம்பரோடு நின்றுபோனபின் சின்னக் கடைகள் இந்த வேலையையே விட்டுவிட்டன. ஆனால் கூட்டத்தைப் பிரிக்க இவ்வளவுதான் தேவை:

```js
let v = localStorage.getItem("v");
if (!v) {
  v = Math.random() < 0.5 ? "A" : "B";
  localStorage.setItem("v", v);
}
```

ஒரு தடவை விழுந்த சீட்டு அந்த போனிலேயே இருக்கும், மறுபடி வந்தாலும் அதே பக்கம்தான் தெரியும். கடையில் உள்ளவர்கள், நான், அக்காவின் மகன் எல்லாரும் எங்கள் போன்களை எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிட்டோம்.

தலைப்பு, பட்டன் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று பாடம் சொல்வார்கள். கூட்டம் நிறைய இருந்தால் அது சரி. எங்கள் அளவில் சின்ன மாற்றம் ஆட்டத்துக்குள்ளேயே மறைந்துவிடும், பெரிய வித்தியாசம் மட்டும்தான் தெரியும். "மதுரை சுங்குடிச் சேலைகள், நேரடி விற்பனை" என்பதை "கையால் முடிச்சிட்ட சுங்குடி, மதுரை வெயிலுக்கு ஏற்ற பருத்தி" என்று ஆக்கினோம். ஜெயித்தால் எது ஜெயித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, அதற்குச் சம்மதித்தே இறங்கினோம்.

இனி நிறுத்தும் கோடு. சின்னத் தளங்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். எண்களைத் தினமும் எடுத்துப் பார்த்து, வித்தியாசம் கோட்டைத் தாண்டிய நாளில் "போதும், ஜெயித்துவிட்டது" என்று நிறுத்திவிடுவார்கள். ஒரு தடவை பார்த்தால் ஏமாறும் வாய்ப்பு 5 சதவீதம் என்ற கணக்கு, இடையிடையே ஐந்து தடவை பார்த்தால் 14 ஆகிறது, பத்துத் தடவைக்கு 19, இருபது தடவைக்கு 25. பார்ப்பதில் தப்பில்லை, பார்த்த இடத்தில் நிறுத்துவதுதான் தப்பு. ஆனால் தன் கடை எண்களைப் பார்க்காதே என்று ஒரு கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? தினமும் பார்க்கலாம் என்று இடம் தரும் முறை ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் எத்தனை செய்திவரை காத்திருப்போம் என்று முன்பே ஒரு எண் குறித்துக்கொள்வது. அந்த எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் கோடு. புதியது பழையதைவிட அத்தனை செய்தி முந்திய நாளில் நிறுத்தலாம், புதியதே ஜெயித்தது. முந்தாமலே மொத்தச் செய்தி முடிந்துவிட்டால் நிரூபணம் ஆகவில்லை, அங்கேயும் நிறுத்த வேண்டும். கோடு முடிவு எண்ணிலிருந்து வருவதால் ஆரம்ப நாட்களில் அதை எட்டுவது கடினம், அதனால்தான் தினமும் பார்ப்பது ஆபத்தாவதில்லை.

எங்கள் எண் 170. செய்தி விகிதம் ஒன்றரை மடங்கானால் அதைப் பிடிக்க ஐந்துக்கு நாலு வாய்ப்புத் தரும் அளவு அது. வர்க்கமூலம் 13, கோடு 26. புதியது அப்படி ஒன்றரை மடங்கானால் இரண்டும் சேர்த்து நாளுக்கு ஆறு செய்தி வரும், நாலு வாரம் ஆகும். ஆடித் தள்ளுபடி ஓய்ந்து, தீபாவளிக் கூட்டம் தொடங்காத இடைவெளி வேண்டும் என்று ஆவணி நடுவில் ஆரம்பித்தோம். 170, 26 என்ற இரண்டு எண்களையும் அக்கா நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டார்.

ஒன்பதாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. புதியதற்கு 34, பழையதற்கு 18. மொத்தம் 52, ஒரே தடவை பார்க்கும் கணக்குப்படி எல்லை 14.4, வித்தியாசம் 16. அந்தக் கணக்கை மட்டும் வைத்திருந்தால் அன்றே புதியதை நிரந்தரமாக்கியிருப்போம். "இரண்டு மடங்கு தம்பி, இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?" என்றார். கோடு 26 என்றேன். பதினைந்தாம் நாள் 51-க்கு 39, வித்தியாசம் 12 ஆகக் குறைந்துவிட்டது. இருபத்தெட்டாம் நாள் 170-ஆவது செய்தி வந்தபோது புதியதற்கு 93, பழையதற்கு 77. வித்தியாசம் 16. கோட்டை எட்டவில்லை.

முடிவைப் படிப்பதற்கு முன்பு கூட்டம் சரியாகப் பிரிந்ததா என்று பார்த்தேன். பழைய பக்கத்துக்கு 846 பேர், புதியதற்கு 829 பேர். மொத்தம் 1,675, அதன் வர்க்கமூலம் 41, வித்தியாசம் 17-தான். இது சரி. இந்த இடத்தில் வித்தியாசம் வர்க்கமூலத்தைப் போல மூன்று மடங்கு வந்திருந்தால் மற்ற எண்களைப் பார்க்கவே கூடாது. ஒரு பக்கம் மெதுவாகத் திறந்து ஆட்கள் எண்ணப்படுமுன் போய்விடுகிறார்கள், அல்லது நிரலில் எங்கோ பிழை இருக்கிறது என்று அர்த்தம்.

93-க்கு 77 என்பதை எப்படிப் படிப்பது? இருபது சதவீதம் கூடியது என்று எழுதினால் பொய். இந்த அளவு எண்களிலிருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியது, புதியது பத்து சதவீதம் மோசமாக இருப்பதிலிருந்து அறுபது சதவீதம் நன்றாக இருப்பதுவரை எதுவும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான். ஒன்றரை மடங்கு என்பதையும் இது மறுத்துவிடவில்லை.

அக்காவின் மகனுக்கு மனம் கேட்கவில்லை. ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தான். சென்னையிலிருந்து வந்த செய்திகளில் புதியதற்கு 24, பழையதற்கு 11. எல்லை 11.8, வித்தியாசம் 13. "சென்னைக்காரர்களுக்கு மட்டும் இது வேலை செய்கிறது அண்ணே" என்றான். எத்தனை விதமாகப் பிரித்தாய் என்று கேட்டேன். ஊர், போன் வகை, காலை மாலை என்று பத்துப் பிரிவு. ஒவ்வொன்றிலும் ஏமாறும் வாய்ப்பு 5 சதவீதம் என்றால், பத்தில் ஏதாவது ஒன்றிலாவது ஏமாறும் வாய்ப்பு 40 சதவீதம். சென்னை என்று முன்பே எழுதி வைத்திருந்தால் பேசலாம். இப்போது அதை அடுத்த சோதனைக்கு ஒரு யோசனையாகக் குறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அப்புறம் வட்டங்களை எண்ணினோம். பழைய பக்கத்தின் 77 செய்தியில் 30 ஆர்டர், புதியதன் 93-ல் 27. இதிலும் நிரூபணம் ஒன்றும் இல்லை, ஆனால் அக்காவுக்கு முடிவெடுக்க இது உதவியது. சாயங்காலம் கடையில் ஆள் நிற்கும்போது ஒவ்வொரு செய்திக்கும் படம் எடுத்து அனுப்புவது அவர்தான். கூடுதலாக வரும் செய்திகள் ஆர்டராகும் என்று தெரியாதபோது அந்த வேலையை ஏற்க வேண்டாம் என்று பழையதையே வைத்துக்கொண்டார். ஆள் வைத்துப் பதில் சொல்லும் கடையாக இருந்தால் புதியதை வைத்திருக்கலாம், அதுவும் தப்பாகாது. நிரூபணம் கிடைக்காதபோது செலவையும் வசதியையும் பார்த்து முடிவெடுப்பதுதான் முறை.

வழிகளைப் பட்டியல் போட்டபோது ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்க்காமல் விட்டிருந்தேன். கோடு போடுவதற்காக அக்கா 170 செய்திகளையும் ஒவ்வொன்றாகப் படித்திருந்தார். அவற்றில் 61 பேர் கேட்டது ஒரே கேள்வி: ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா? எங்கள் பக்கத்தில் எங்கேயும் அது எழுதப்படவில்லை. மூன்றில் ஒருவர் கேட்கிற கேள்விக்குப் பதில் எழுதச் சோதனை வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே ஒவ்வொரு சேலைக்கும் கீழே நீளத்தையும், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்பதையும் எழுதினோம். நாளுக்கு இருபது முப்பது பேர் மட்டும் வரும் தளம் என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். நூறு செய்தியைப் படியுங்கள், தெரிந்தவர் நாலைந்து பேரிடம் போனைக் கொடுத்து ஒரு சேலை வாங்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நாலாவது வழி நாளுக்கு ஐம்பது பேருக்கு மேல் வந்தால் பார்க்கலாம், முதல் வழிக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும்.

அந்த வரியைச் சேர்த்தபின் ஐப்பசியில் ஆர்டர் நன்றாகவே கூடியது. அது தீபாவளி மாதம் என்பதால் நோட்டில் அதற்கு எந்த எண்ணும் எழுதவில்லை. அடுத்த சோதனை தைப் பொங்கல் கழிந்தபின், இந்த முறை முதல் படத்தை மாற்றி. அதே 170, அதே 26.